தடுப்பூசி போட்ட மறுநாள் கைவலியும் காய்ச்சலும் ஏன் வருகின்றன?

கேள்வி: எனக்கு வயது 58. நேற்று காலை அக்கிக்கான தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டேன். இன்று இடது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. 100.8 டிகிரி காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. ஊசியாலேயே அக்கி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பாராசிட்டமால் போட்டால் தடுப்பூசி வீணாகிவிடும் என்கிறார் என் மைத்துனர். இப்படிப் படுத்தினால் இரண்டாம் தவணை தேவைதானா?

பதில்:

ஊசியால் அக்கி வராது. இரண்டு தவணைகளாகத் தசையில் போடப்படும் இந்தத் தடுப்பூசியில் வைரஸே கிடையாது. அக்கி வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை மட்டும் தனியாகத் தயாரித்துச் சேர்த்திருக்கிறார்கள். அதன் அளவு 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கதவை மட்டும் கொண்டுவந்து வைத்தால் அது வீடாகிவிடாது. ஒரு புரதத்திலிருந்து வைரஸ் முளைக்காது.

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இதே ஊசியை நானும் என் கணவரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டோம். எனக்கு அப்போது 61 வயது, அவருக்கு 67. காலை பத்தரைக்கு ஊசி. மாலைவரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கை கனக்கத் தொடங்கியது. இரவு ஒன்பது மணிக்கு, சித்திரை மாதப் புழுக்கத்தில், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு போர்வை கேட்டேன். பத்து மணிக்குக் காய்ச்சல் 101.2. மறுநாள் பிற்பகல் வியர்த்துக் கொட்டி இறங்கியது. மூன்றாம் நாள் கையில் மட்டும் கொஞ்சம் வலி மிச்சமிருந்தது. என் கணவருக்கோ கைவலியைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், ஒரு துளிப் புரதம் எப்படி இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறது என்று பார்ப்போம். உண்மையில் அதைச் செய்வது புரதம் அல்ல. தூய்மையான புரதத்தை மட்டும் தசையில் செலுத்தினால் உடல் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. ஆபத்து வந்திருக்கிறது என்று யாராவது மணி அடித்தால்தான் நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொண்டு, வந்திருப்பது யார் என்று கவனிக்கும். அதனால் இந்தத் தடுப்பூசியில் மணி அடிக்கும் பொருள்கள் இரண்டைக் கலந்திருக்கிறார்கள். ஒன்று, சால்மோனெல்லா வகை பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்து நச்சுத்தன்மையைக் குறைத்த ஒரு கொழுப்புப் பொருள். மற்றொன்று, சிலி நாட்டில் வளரும் கில்லாயா என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும், சோப்புப் போல நுரைக்கும் பொருள். இவையும் ஒரு தவணைக்கு 50 மைக்ரோகிராம் வீதம்தான்.

ஏன் இவ்வளவு பலமாக மணி அடிக்க வேண்டும்? சிறுவயதில் நமக்குச் சின்னம்மை உண்டாக்கிய வைரஸ் உடலைவிட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழவிடாமல் காவல் காப்பவை டி செல்கள். ஐம்பதைத் தாண்டும்போது அந்தக் காவல் தளர்கிறது. வைரஸ் விழித்தால் அக்கி. தளர்ந்த காவலைத் திரும்ப எழுப்புவதற்குச் சிறிய ஓசை போதாது. நீங்கள் இன்று படும் அவதி அந்தப் பலத்த மணியோசையின் விளைவு.

இப்போது கைவலி. ஊசி போட்ட தசையில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் அணுக்கள் எப்போதும் இருக்கின்றன. பாக்டீரியாவின் மேலுறையை அடையாளம் காணும் உணரி ஒன்று அவற்றின் மேற்பரப்பில் உண்டு. தடுப்பூசியிலுள்ள கொழுப்புப் பொருள் அதைத் தொட்டதும் அவை சைட்டோகைன் என்ற செய்திப் பொருள்களை வெளியிடுகின்றன. சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர் இளகி, நீர் தசைக்குள் கசிகிறது. இரத்தத்திலிருந்து மேலும் காவல் அணுக்கள் அந்த வழியே வந்து சேருகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம் மூன்றும் இப்படித்தான் வருகின்றன.

வலிக்கு இன்னொரு படி இருக்கிறது. அங்கே உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வலி நரம்புகளின் நுனிகளைக் கூர்மையாக்குகிறது. நேற்றுவரை அந்த நரம்பு பொருட்படுத்தாத ஓர் அசைவு இன்று வலியாகத் தெரிகிறது. கையைத் தொங்கவிட்டால் சும்மா இருக்கும் வலி, சட்டை மாட்டத் தூக்கும்போது சுரீரென்று இழுப்பது இதனால்தான்: வீங்கிய தசை சுருங்கும்போது கூர்மையான நுனிகள் அழுத்தப்படுகின்றன. இதெல்லாம் சேர்ந்து உச்சத்துக்கு வரப் பல மணி நேரம் ஆகும். ஊசி குத்திய வலி அப்போதே போய்விடும். மறுநாள் வலிப்பது வேறு வலி.

இதற்கிடையில் டென்ட்ரிடிக் செல்கள் அந்தப் புரதத்தை விழுங்கி, துண்டாக்கி, நிணநீர் வழியாக அக்குளில் உள்ள முடிச்சுகளுக்கு எடுத்துச் செல்கின்றன. டி செல்களுக்குப் பாடம் நடப்பது அங்கேதான். அதே பக்கத்து அக்குளில் நெறி கட்டினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கரைந்துவிடும்.

காய்ச்சல் கையில் உருவாவது இல்லை, மூளையில் உருவாகிறது. சைட்டோகைன்களில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து ஹைப்போதலாமஸ் என்ற பகுதியை எட்டுகிறது. உடல் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அது. செய்தி வந்ததும் அங்குள்ள இரத்தக் குழாய்ச் சுவர்களில் அதே புரோஸ்டாகிளாண்டின் உருவாகி, அந்த இலக்கை 98.6-இலிருந்து 101-க்கு நகர்த்திவிடுகிறது. உடலின் உண்மையான சூடு அப்போது 98.6 தான். புதிய இலக்கோடு ஒப்பிட்டால் அது குறைவு. அதனால் மூளை, குளிர்கிறது என்று முடிவு செய்து தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, தசைகளை நடுங்க வைத்துச் சூடு உண்டாக்குகிறது. நான் சித்திரையில் போர்வை கேட்டது இந்தக் கட்டத்தில். மறுநாள் சைட்டோகைன்கள் குறைந்ததும் இலக்கு பழைய இடத்துக்குத் திரும்பும். இப்போது உடம்பு தேவைக்கு மேல் சூடாக இருப்பதால் வியர்த்துக் கொட்டும். வியர்வை வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து என் கணவரின் கவலை. "எனக்குக் காய்ச்சலே வரவில்லையே, ஊசி பிடிக்கவில்லையோ?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடுப்பூசியின் பெரிய சோதனையில் 50 வயதைத் தாண்டிய 15,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு உப்புநீர். ஊசிகளின் பின்விளைவுகளை ஒரு பிரிவினரிடம் நாள்தோறும் குறித்து வாங்கியபோது, தடுப்பூசி பெற்றவர்களில் 100-க்கு 79 பேருக்குக் கைவலி, ஏறத்தாழ 21 பேருக்குக் காய்ச்சல். ஆனால் அக்கி வருவது சுமார் 97 சதவீதம் குறைந்திருந்தது. காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டுமே ஊசி பிடித்திருந்தால் அந்த 97 எப்படிச் சாத்தியம்? காய்ச்சல் வராத பெருங்கூட்டமும் காக்கப்பட்டிருக்கிறது. காய்ச்சல், மணியின் ஓசை எவ்வளவு தூரம் பரவியது என்பதைக் காட்டும்; பாடம் எவ்வளவு பதிந்தது என்பதைக் காட்டாது. ஓசை பரவுவது ஆளுக்கு ஆள் மாறும், பொதுவாக முதுமையில் குறையும்.

உங்கள் மைத்துனர் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. செக் குடியரசில் கைக்குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், காய்ச்சல் வருவதற்கு முன்பே தடுப்பூசியோடு சேர்த்துப் பாராசிட்டமால் கொடுத்தபோது சில தடுப்பூசிகளுக்கு எதிர்ப்பொருள் அளவு கொஞ்சம் குறைந்தது. அதனால் ஊசிக்கு முன்னால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாத்திரை போட வேண்டாம். உங்கள் நிலை வேறு. ஊசி போட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. மணி ஏற்கெனவே அடித்துவிட்டது, புரதம் அக்குளை எட்டிவிட்டது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து இலக்கைக் கீழே இறக்கும், அவ்வளவே. தாங்க முடியவில்லை என்றால் ஒரு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை போதும். மறுபடி தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து. கல்லீரல் நோய் இருந்தாலோ, மது அருந்தும் பழக்கம் இருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கைக்கு ஈரத்துணி ஒத்தடம் நல்லது. தைலம் வைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள். வலிக்கிறதே என்று கையை முடக்கியும் வைக்காதீர்கள், மெல்ல அசைத்துக்கொண்டிருங்கள்.

இயல்பானதா இல்லையா என்பதைக் கடிகாரம் சொல்லும். மூன்று நாளுக்குள் எல்லாம் இறங்குமுகமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால் அதை ஊசியின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். டெங்கு, டைஃபாய்டு போன்ற வேறு காரணம் இருக்கலாம். வாரக்கணக்கில் தோளைத் தூக்க முடியாவிட்டால், ஊசி தசையில் இறங்காமல் மேலே மூட்டை ஒட்டி இறங்கியிருக்க வாய்ப்புண்டு. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசிக்குப் பின் வரும் வாரங்களில் கால்கள் பலமிழந்தாலோ மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது மிக மிக அரிது, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலுடன் கொப்புளம் கிளம்பினால், அது ஊசி தந்தது அல்ல. உங்களுக்குள் உறங்கிய வைரஸ் பாதுகாப்பு உருவாகும் முன் எழுந்தது. அதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

இரண்டாம் தவணை தேவை. முதல் தவணை டி செல்களை எழுப்புகிறது. அவற்றைப் பல ஆண்டுகள் நிலைக்கும் படையாகப் பெருக்குவது இரண்டாவது. முதல் ஊசியிலிருந்து 2 முதல் 6 மாதங்களுக்குள் போட வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் அப்போது கொஞ்சம் கூடுதலாக வரலாம் என்பதை மறைக்க மாட்டேன். மறுநாள் வேலை இல்லாத ஒரு நாளாகத் தேர்ந்தெடுங்கள், வலது கைக்காரராக இருந்தால் அப்போதும் இடது கையையே கொடுங்கள். என் கணவருக்கு இரண்டாவது முறையும் காய்ச்சல் வரவில்லை. ஆனால் இந்த முறை அவர் கவலைப்படவில்லை.

இன்றிரவு ஒன்று செய்யுங்கள். கையில் சிவந்திருக்கும் இடத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு பேனாவால் கோடு போட்டு வையுங்கள். நாளை மறுநாள் சிவப்பு கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. கோட்டைத் தாண்டிப் பரவி, சூடும் வலியும் கூடியிருந்தால் தோலில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். அப்போது மருத்துவரிடம் அந்தக் கோட்டையே காட்டுங்கள்.