முன்னெச்சரிக்கை கொடுத்தாச்சு, பணம் எங்கே?

“கட்டுமான வேலை, என்இசி4 மாதிரி ஒப்பந்தம். வரைபடம் கடைசி நேரத்தில் மாறியது. செலவும் நாளும் கூடும் என்று முன்னெச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்தோம். இப்போது அதற்குப் பணம் இல்லை என்கிறார் புராஜெக்ட் மேனேஜர்.”

அந்த நோட்டீஸை மட்டும் வைத்துப் பணம் கேட்க முடியாது. 15.1 பிரிவின்படி அது ஆபத்தை முன்கூட்டிச் சொல்வது, அவ்வளவுதான். தொகைக்கும் கால நீட்டிப்புக்கும் ‘காம்பன்சேஷன் ஈவென்ட்’, அதாவது ஈடு பெறத் தகுந்த நிகழ்வு, என்ற அறிவிப்பு தேவை. 13.7 பிரிவுப்படி அதைத் தனிக் கடிதமாகவே அனுப்ப வேண்டும். முன்னெச்சரிக்கையிலேயே ஒரு வரி சேர்த்தால் போதாது. நீங்கள் மாட்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

முதலில் புது வரைபடம் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். மேனேஜர் முறையாக உத்தரவிட்டிருந்தால், ஈவென்ட்டை அறிவிக்க வேண்டியவரே அவர்தான், எட்டு வாரத்துக்குள் நீங்கள் அறிவிக்க வேண்டும் என்ற 61.3 பிரிவின் கெடு பொருந்தாது. டிசைனர் நேராக மெயிலில் அனுப்பியிருந்தால் அது உத்தரவே அல்ல. வேலையைத் தொடங்காமல், மேனேஜரிடம் எழுத்தில் உத்தரவு கேளுங்கள். கம்பி வெட்டிய பிறகு கேட்டால் பேச்சு நீளும்.

இன்னொன்று, உங்கள் ஒப்பந்தத்தில் கூடுதலாகச் சேர்த்த நிபந்தனைகளான இசட் பிரிவுகளைப் படித்துவிடுங்கள். எட்டு வாரத்தை அங்கே குறைத்திருக்கலாம், உத்தரவால் வரும் ஈவென்ட்டுக்கும் கெடு வைத்திருக்கலாம்.