ஆஸ்பத்திரியில் எட்டிக்கூடப் பார்க்காத நண்பனிடம் என்ன சொல்வது? – கேள்வி பதில்

புதுச்சேரியில் டயாலிசிஸ் பிரிவில் 22 வருடம் நர்ஸாக இருந்து இப்போது வீட்டில் இருக்கிறேன். பார்க்க வந்தவர்களையும் வராதவர்களையும் நிறையக் கண்டவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: "சிஸ்டர், பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். கிட்னி போய் புதுச்சேரியில் மூன்று மாதம் படுத்திருந்தான். இப்போது வீட்டிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறான். ஏழு மாதமாக நான் போகவே இல்லை. எங்க அப்பா அந்த மாதிரி வார்டில்தான் போனார், அந்த வாசனையே எனக்கு ஆகாது. இப்போது எந்த முகத்தோடு போவது?"

முதலில் அவருடைய நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. திங்கள்-புதன்-வெள்ளி அல்லது செவ்வாய்-வியாழன்-சனி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று சாயங்காலம் போகாதீர்கள். நாலு மணி நேரம் மிஷினில் இருந்துவிட்டு வந்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரிதான் கிடப்பார்கள், சிலருக்குக் காலில் தசைப்பிடிப்பும் இருக்கும். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் போனால் முகம் தெளிவாக இருக்கும்.

திடீரென்று கதவைத் தட்டாமல், முதல் நாளே ஒரு மெசேஜ். "மச்சான், ஏழு மாசமா நான் வரல. வந்திருக்கணும். புதன்கிழமை காலையில் வரட்டுமா?" அவ்வளவுதான். காரணம் எதுவும் வேண்டாம்.

உங்கள் அப்பா விஷயம் உண்மைதான், பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை முதலில் எடுத்து வைத்தால், படுத்துக் கிடந்தவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். ஒருத்தர் கட்டில் ஓரத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழ, ஊசி குத்திய கையை அசைக்காமல் இன்னொரு கையால் நோயாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் போனதும் அந்த நோயாளி என்னிடம், "ஃபேனைக் கொஞ்சம் ஏத்துங்க சிஸ்டர், களைப்பா இருக்கு" என்றார். "ஏன்டா வரல?" என்று உங்கள் நண்பரே ஒருநாள் கேட்பார். அப்போது இரண்டு வரியில் சொல்லுங்கள், போதும்.

வேலை அதிகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு கை ஊசியில், இன்னொரு கையில் செல்போன், நாலு மணி நேரம். எல்லோருடைய ஸ்டேட்டஸையும் பார்த்து முடித்துவிடுவார்கள். நீங்கள் சில்வர் பீச்சில் மீன் வறுவல் தட்டோடு போட்ட படம் அவருக்குத் தெரியும்.

அதே நண்பர்: "வெறுங்கையோடு எப்படிப் போவது? இளநீர், ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போகலாமா?"

நல்ல வேளை, கேட்டீர்கள். இளநீரிலும் ஆரஞ்சிலும் பொட்டாசியம் அதிகம். வேலை செய்யாத கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஹார்லிக்ஸ் மாதிரி பால் சேர்ந்த பவுடரையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் பாசத்தோடு வாங்கிப் போகிற பை பாதிக்கு மேல் இவர்களுக்கு ஆகாதது. அந்தப் பையைப் பார்த்ததுமே, "இவனுக்கு என் வியாதி என்னன்னுகூடத் தெரியல" என்று மனசில் ஓடும். வெறுங்கையோடே போங்கள்.

இன்னொன்று. கையைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறீர்கள் என்றால் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ஃபிஸ்டுலா போட்ட கையை விட்டுவிடுங்கள். முன்கையில் நரம்பு புடைத்து, தொட்டால் சிர்ரென்று துடிக்கும். அவருக்கு உயிர்நாடி அதுதான், அதை யாரும் அழுத்தக் கூடாது. வீட்டில் காபி கொடுத்தால் குடியுங்கள், ஆனால் அவரையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவருக்குத் தண்ணீருக்கே அளவு உண்டு.

நெல்லிக்குப்பத்திலிருந்து: "தொற்று வரும், கூட்டம் வேண்டாம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். 'உன் நல்லதுக்குத்தான் வரல' என்று சொன்னால் முடிந்தது. இதற்கு ஏன் மன்னிப்பு?"

பாதி சரி. மாற்றுக் கிட்னி வைத்த முதல் சில மாதம், சளி இருமலோடு இருப்பவர் பக்கத்திலேயே போகக் கூடாது. ஆனால் போனில் கிருமி போகாது ஐயா. ஏழு மாதத்தில் ஒரு போன்கூட வரவில்லை என்றால் உங்கள் காரணம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

அரியாங்குப்பத்திலிருந்து: "நானே அஞ்சு மாசம் படுத்திருந்தவன். எட்டிப் பார்க்காதவனை நான் ஏன் மன்னிக்கணும்? சொல்லுங்க."

மன்னிக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லையே. போக நினைக்கிறவர் எப்படிப் போவது என்பதுதான் பேச்சு. நீங்கள் அனுபவப்பட்டவர், ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு எது ஆறவில்லை?

அவரே: "எனக்குக்கூடப் பரவால்லை, பாதி நாள் மயக்கத்துல இருந்தேன். என் பொண்டாட்டி காரிடார்ல பாய் விரிச்சுப் படுத்தா. ரத்தம் எடுத்த டியூபைத் தூக்கிட்டு லேபுக்கு ஓடினா. அவகிட்ட 'சாப்பிட்டியாமா'ன்னு ஒருத்தன் கேக்கல."

திருப்பாதிரிப்புலியூர்க்காரர் இதை இன்னொரு முறை படிக்கணும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு கூட இருந்து பார்த்துக்கொண்டவரிடம்தான் இருக்கும். நண்பர் ஒரே நாளில் சிரித்துவிடுவார், அவர் மனைவி சிரிக்க மாட்டார். "தங்கச்சி, நீங்க தனியா ஓடினப்ப நான் வந்து நின்னிருக்கணும்" என்று அவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். உடனே முகம் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கே இதில் அடிபட்ட கதை உண்டு. கூட வேலை பார்த்த தோழி வேறொரு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் இருந்தாள். நாளெல்லாம் நோயாளி முகம் பார்க்கிறவள், லீவு நாளிலும் வார்டுக்கா என்று நான் போகவில்லை. அப்புறம் ஒரு புடவையோடு போய் நைட் ஷிப்ட் கதையெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு" என்று டிவி சத்தத்தைக் கூட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த மாதம் அவள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. "விடு" என்று சீக்கிரம் வந்தால் எனக்கு இப்போதும் பயம்தான். திட்டினால் நல்லது, உட்கார்ந்து கேட்கலாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: "மெசேஜ் அனுப்பி 16 நாள். ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, பதில் இல்லை. டயாலிசிஸ் நடக்கும் இடத்துக்கே நேரில் போய்ப் பேசிவிடலாமா?"

வேண்டவே வேண்டாம். அங்கே அவரால் எழுந்து போக முடியாது. ரத்தம் மிஷினில் சுற்றிக்கொண்டிருக்கும்போது உங்கள் மன்னிப்பைக் கேட்டே ஆகணும் என்று கட்டிப்போடுவது நியாயமில்லை. இன்னொரு மன்னிப்பு மெசேஜும் அனுப்பாதீர்கள். கொஞ்ச நாள் கழித்து, பழையபடி அவரோடு பேசுகிற சாதாரண விஷயம் எதையாவது அனுப்பிப் பாருங்கள். அதற்கும் பதில் வராமல் போகலாம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மறுபடி: "போய் வந்தேன் சிஸ்டர். அரை மணி நேரம் திட்டினான். தங்கச்சி காபி கொடுத்தது, முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி சனிக்கிழமைதோறும் நானே அவனைப் பைக்கில் புதுச்சேரிக்குக் கூட்டிப் போய் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்."

சனிக்கிழமை சரி, பைக் வேண்டாம். திரும்பி வரும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும், பின்னால் பிடித்து உட்காரத் தெம்பு இருக்காது. கார் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுங்கள். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கப் பையில் சுத்தமான பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம், எங்கே அழுத்தணும் என்று தங்கச்சியிடம் கேளுங்கள், அதற்கு எல்லாம் தெரியும்.