பாட்டிலைத் தாங்கும் தலையணை

ஐந்து மாதக் குழந்தை. பாட்டிலைத் தானாகத் தாங்கிப் பிடிக்கும் தலையணையை இணையத்தில் 649 ரூபாய்க்கு வாங்கினேன். மல்லாந்தபடியே குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். இரண்டு மாதத்தில் இருமுறை காதில் சீழ். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். பெட்டியில் 'காதுக்குப் பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– மஞ்சக்குப்பம் வாசகி

கேளுங்கள், விடாதீர்கள். ஆனால் தலையணையால்தான் சீழ் வந்தது என்று வாதாடினால், சளியாலும் வருமே என்று விற்றவர் நழுவிவிடுவார். பெட்டியில் உள்ள பொய்யைப் பிடியுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாமல் அந்த வாசகத்தைப் படம் எடுத்து, பில்லுடன் விற்பனையாளருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.

இனி அந்தத் தலையணை. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்கோ குட்டை, கிட்டத்தட்டக் கிடைமட்டம். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அது திறக்கும். மல்லாந்து கிடக்கும் குழந்தையின் தொண்டையில் தேங்கும் பாலும், அங்குள்ள கிருமிகளும் அந்த வழியாகக் காதுக்குள் ஏறலாம். தூக்கத்தில் பாட்டில் வாயிலேயே இருந்தால் இன்னும் மோசம். புரையேறினால் தலையணையா கவனிக்கும்?

உட்கார்ந்துகொண்டு, குழந்தையின் தலையை முழங்கை மடிப்பில் வைத்து, வயிற்றைவிடத் தலை நன்றாக உயர்ந்திருக்கும்படி பிடியுங்கள். பாட்டிலைக் கொட்டக் கவிழ்க்காதீர்கள். நிப்பிள் பாலால் நிறையும் அளவுக்குச் சாய்த்தால் போதும். குடிக்கும்போது நிப்பிள் சப்பையாக ஒட்டிக்கொண்டால், உள்ளே காற்று போகவில்லை என்று பொருள். குழந்தை அந்த இழுவிசையோடு மல்லுக்கட்டும்போது காதின் உள்ளழுத்தமும் குறையும். மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். என் மகளுக்காக நேரு வீதியில் ஒரு கடையில், காற்றுக் குழாய் வைத்த பாட்டிலை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். ஐந்து பாகம். இரண்டாம் நாள் கழுவும்போது சிறிய ரப்பர் வளையம் சாக்கடையில் போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து பால் என் மடியில். அந்தப் பாட்டிலில் இப்போது கடுகு இருக்கிறது.

சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் விட்டுவிடாதீர்கள், பாட்டி எவ்வளவு சொன்னாலும்.

மருமகள் தாய்ப்பால்தான் கொடுக்கிறாள். மருந்துக்கடையில் பால்மாவு டின்னுடன் பால் பாட்டில் இலவசம் என்கிறார்கள். எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா?
– லாஸ்பேட்டை வாசகர்

வேண்டாம். 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி பால்மாவையும் பால் பாட்டிலையும் விளம்பரப்படுத்துவதோ, விற்பனையைப் பெருக்க இலவசம் கொடுப்பதோ குற்றம். பில்லில் 'இலவசம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், கடைக்காரரின் முகத்தைப் பாருங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குக் காது அழற்சி குறைவாகவே வருகிறது. பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் ஒரு காரணம். பாட்டிலைவிட மார்பில் குடிக்கும் விதமும் காதுக்கு இதமானது. வீட்டில் டின் இருந்தால் நடுராத்திரியில் கை தானாக அதன் பக்கம் போகும்.

பத்து மாதக் குழந்தை. சூப்பான் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். வாங்கலாமா?
– நெல்லிக்குப்பம் வாசகி

நான்கு சூப்பானுக்கு உங்கள் குழந்தைக்கு எத்தனை வாய்? முதல் ஆறு மாதத்தில் தூங்கவைக்கக் கொடுப்பதில் நன்மை உண்டு. அதன் பிறகு காது அழற்சிக்கு வழிவிடுவதால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பின்லாந்தில் ஒரு பகுதிப் பெற்றோரிடம், தூங்கப் போகும்போது மட்டும் கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். அங்கே அழற்சி 29 சதவீதம் குறைந்தது. இருக்கும் ஒன்றையே பகலில் ஒளித்து வையுங்கள்.

நான் மாடியில்தான் சிகரெட் பிடிக்கிறேன். ஆனாலும் குழந்தைக்கு அடிக்கடி காது வலி. 12,000 ரூபாய்க்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாம் என்று இருக்கிறேன்.
– அரியாங்குப்பம் வாசகர்

சட்டையில் ஒட்டிய புகையோடு வந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்கிறீர்களே, அதை எந்த இயந்திரம் உறிஞ்சும்? புகை மூக்கிலும் காதுக் குழாயிலும் உள்ள மெல்லிய சவ்வை வீங்கவைக்கும், சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்களை முடக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் தேங்கும், அதில் கிருமி வளரும். 12,000 ரூபாயை வங்கியில் போடுங்கள். சிகரெட்டை விடுங்கள். விட முடியாவிட்டால், புகைத்ததும் சட்டையை மாற்றி, கை, முகம், மீசை கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுங்கள்.