சொல்லுக்கு ரெண்டு ரூபாய் என்றால் கையில் எவ்வளவு வரும்? மொழிபெயர்ப்புக் கூலி பற்றிக் கேள்வி பதில்

புதுசா வந்தவள்: அண்ணா, 8,000 ரூபாய்க்கு பில் அனுப்பினேன், 2,700 தான் வந்திருக்கு. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. இந்த வருஷம் அதே கம்பெனிக்கு இதுக்கு முன்னால் எவ்வளவு பில் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

புதுசா வந்தவள்: மூணு பில், ஒவ்வொன்றும் 15,000. அதெல்லாம் பிடித்தமே இல்லாம முழுசா வந்துச்சு.

அப்போ கணக்கு சரி. 2025-26 நிதியாண்டில் ஒரு கம்பெனி உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் வருஷத்துக்கு 50,000-க்குள் இருந்தால் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிக்க வேண்டாம் (அதுக்கு முந்தைய வருஷம் வரை இது 30,000). மூணு பில்லும் சேர்ந்து 45,000, அதனால் விட்டுவிட்டார்கள். நாலாவதோடு 53,000 ஆனதும் மொத்தத்துக்கும் 10 சதவீதம், அதாவது 5,300, அந்த ஒரே பில்லில் கழிந்துவிட்டது. மீதி 2,700. முன்கூட்டியே ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம், அது அவர்கள் தவறுதான்.

மதுரைக்காரன்: எனக்குத் தெரிஞ்சு 50,000-ஐத் தாண்டின 3,000-க்கு மட்டும்தான் பிடிக்கணும். 300 ரூபாய்.

வரம்பு இருக்கிறது என்பது வரைக்கும் சரி. ஆனால் வரம்பைத் தாண்டினால் முதல் ரூபாயிலிருந்து பிடித்தம், மேல் தொகைக்கு மட்டும் அல்ல. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது, வருமான வரி ஸ்லாப் மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

'அடிக்குறிப்பு' என்ற பெயரில் ஒருவர்: குறைந்தபட்சக் கட்டணம் 500 என்று ஒத்துக்கிட்டேன், சொல்லுக்கு 2 ரூபாய். போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 60 சொல் அனுப்பினாங்க, வெள்ளிக்கிழமை "மொத்தம் 300 சொல், 600 ரூபாய்" என்கிறாங்க. நான் 2,500 எதிர்பார்த்தேன்.

இங்கேதான் முக்கியமான சிக்கல். 60 சொல்லுக்கு 120 ரூபாய்தான் வரும், ஆனால் அதுக்காக மெயிலைத் திறந்து, முந்தைய கோப்பில் என்ன சொல் பயன்படுத்தினோம் என்று தேடி, திருத்தி, பில் போட ஆகும் நேரத்தைச் சரிக்கட்டத்தான் 500. அது சொல் கணக்குக்கு மேல் கூடுவது இல்லை. இரண்டில் எது பெரிதோ அது. ஆனால் "ஒரு வேலை" என்பது எது என்று நீங்கள் எழுதி வாங்கவில்லை என்றால், அவர்கள் வாரத்தை ஒரு வேலை என்பார்கள், நீங்கள் ஒவ்வொரு மெயிலையும் ஒரு வேலை என்பீர்கள், இருவருமே நேர்மையாகத்தான் பேசுவீர்கள்.

அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: "தனித்தனியாக வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் குறைந்தபட்சம் 500 ரூபாய், ஒரே நாளில் ஒரே பொருளில் வருபவை ஒன்றாகக் கணக்கிடப்படும். சொல் எண்ணிக்கை மூலத்தில் எடுக்கப்படும். தொகை வரிப் பிடித்தத்துக்கு முந்தையது." அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் 500-இல் 50 போய் 450 வரும்போது சண்டை வரும். நடந்த வேலைக்கு, தினமும் தனியாக ஒப்படைத்த மெயில்களைக் காட்டிப் பேசுங்கள். ஒத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் கையில்.

கோவை அக்கா: மூலத்தில் எண்ணணுமா, தமிழில் எண்ணணுமா? நான் வீடியோவுக்கு சப்டைட்டில் போடுறேன், நிமிஷக் கணக்குல வாங்குறேன்.

நிமிஷக் கணக்கு வேறு வழி, அதில் இந்தப் பிரச்சினை இல்லை, விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது "in the house" மூன்று சொல், நமக்கு "வீட்டில்" ஒன்றுதான். வேற்றுமை உருபெல்லாம் ஒட்டிக்கொள்வதால் தமிழில் எண்ணினால் கணிசமாகக் குறையும். தமிழில்தான் எண்ணுவோம் என்று யாராவது சொன்னால் விலையை அதுக்கேற்ப ஏற்றிக் கேளுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே தொகை தெரிவதும் மூலத்தில் எண்ணுவதில்தான்.

நெல்லை வாசி: பிடிச்ச வரி எங்கே போகுது? எனக்கு வருமானமே குறைவு.

உங்கள் பான் கணக்கில் வரவாகிறது. வருமான வரி தளத்தில் 26AS என்ற வரிப் பிடித்த அறிக்கையைப் பாருங்கள், கம்பெனி பெயரும் தொகையும் இருக்க வேண்டும். காலாண்டு அறிக்கை தாக்கலான பின்தான் தெரியும், அதனால் ஏப்ரல் பில்லை மே மாதமே தேடாதீர்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் ரிட்டர்ன் போட்டு முழுசும் திரும்ப வாங்கலாம். ரிட்டர்ன் போடாமல் விட்டால் அது அப்படியே போய்விடும், கம்பெனியிடம் கேட்டுப் பயனில்லை. பான் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

மதுரைக்காரன்: என் கம்பெனி 1 சதவீதம்தான் பிடிக்குது. அப்போ 10 என்பது தப்பா?

அவர்கள் உங்களை ஒப்பந்த வேலைக்காரராகக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், 1961 வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு. பலர் தொழில்முறைச் சேவையாக 194ஜே-வில் எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பு எதில் சேரும் என்பதில் ஆடிட்டர்களே இரண்டாகப் பிரிந்து பேசுகிறார்கள். பாதி வருமானத்தை லாபமாகக் காட்டும் 44ஏடிஏ நமக்குப் பொருந்துமா என்பதிலும் இதே கதை. அந்தத் தொழில் பட்டியலில் வசனகர்த்தா திரைக்கலைஞராக வருகிறார், மொழிபெயர்ப்பாளர் என்று எழுதவில்லை. எந்தப் பிரிவில் பிடித்தாலும் கடைசியில் நீங்கள் கட்ட வேண்டிய வரி மாறாது, இடையில் கையில் இருக்கும் பணம்தான் மாறும். 44ஏடிஏ விஷயத்தில் மட்டும் ஒரு ஆடிட்டரிடம் உங்கள் பில்களைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.