ஓர அளவு மட்டும் வந்தது, ஆய்வேடு வரவில்லை

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் எழுத்துரு, ஓரம், வரி இடைவெளி ஆகிய விவரங்களை மட்டும் அனுப்பிவிட்டு, கோப்பு பிறகு வரும் என்கிறார். முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிடலாமா?

நீங்கள் புதிதாகத் தட்டச்சுக் கடை தொடங்கியவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்க அமைப்பை மட்டும் செய்து வைக்கலாம். எழுத்துருவில் கை வைக்காதீர்கள், விலையும் சொல்லாதீர்கள். இரண்டையும் செய்து நான் பட்டிருக்கிறேன்.

கும்பகோணத்தில் கடை வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பாசன வாய்க்கால்களைப் பற்றி ஆய்வு செய்த ஒரு மாணவி, துறையில் கொடுத்த குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: ஏ4 தாள், இடது ஓரம் 1.5 அங்குலம், மற்ற மூன்றும் 1 அங்குலம், பாமினி எழுத்துரு 12, வரி இடைவெளி 1.5. "கோப்பு அடுத்த வாரம் தருகிறேன் அண்ணே, பக்கத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். குறிப்பு தெளிவாக இருந்ததால் வெற்றுக் கோப்பு ஒன்றை அப்படியே அமைத்து, பக்கக் கணக்கில் விலையும் சொல்லிவிட்டேன்.

கோப்பு வந்தபோதுதான் அவர் முழுவதையும் கைபேசியிலேயே ஒருங்குறியில் தட்டியிருந்தது தெரிந்தது. அதை என் வெற்றுக் கோப்பில் ஒட்டி, Ctrl+A அழுத்திப் பாமினியைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூடப் பாமினியின் உருவத்துக்கு வரவில்லை. பாமினியில் ஒருங்குறித் தமிழ் எழுத்துகள் இல்லை என்பதே காரணம்; அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பழைய வகை எழுத்துரு. பாமினியில் "அம்மா" என்று தெரிவது கோப்புக்குள் இப்படித்தான் இருக்கும்:

```
mk;kh
```

ஆகவே மாற வேண்டிய தமிழ் மாறாமல் நின்றது, மாறக்கூடாத ஆங்கிலம் மாறிப்போனது. 1906இல் ஹெமிங்வே தொகுத்த தஞ்சாவூர் மாவட்ட விவரச்சுவடி முதல் நூற்பட்டியலில் ஆங்கிலத்தில் இருந்த அத்தனை பதிவுகளும் படிக்க முடியாத தமிழ் எழுத்துக் குவியலாயின. பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் "இ" இருப்பதால் அந்தப் பதிவுகளின் காற்புள்ளிகள் எல்லாம் "இ" ஆகிவிட்டன.

மாற்றியில் போட்டுப் பாமினியாக்கியிருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஒரு பகுதியை அப்படியும் செய்து பார்த்தேன். இணையத்து மாற்றி வெறும் எழுத்தை மட்டும்தான் திருப்பித் தந்தது. அடிக்குறிப்புகளும் தடித்த எழுத்துகளும் போயின, ஆங்கிலப் பெயர்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர் துறையில் கேட்டு வந்தார். அந்தக் குறிப்பு எல்லோரும் பாமினியில் தட்டிய காலத்தில் எழுதப்பட்டதாம். ஒருங்குறியே போதும் என்றார்களாம். ஆனால் ஒரே 12 என்றாலும் எழுத்தின் உருவமும் வரியின் உயரமும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும். பக்க எண்ணிக்கை மாறியது, நான் சொன்ன விலையும் பொருந்தாமல் போனது. கூட்டிச் சொன்னால் நான் ஏமாற்றுக்காரன் ஆவேன் என்பதால் பழைய விலைக்கே முடித்துக் கொடுத்தேன். குறிப்பை எழுதியவரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஓர அளவும் கோப்பைப் பார்க்காமல் முழுமையாகாது. வாய்க்கால்வாரியான அட்டவணைகள் ஏ4 தாளின் 210 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்காததால் அந்தப் பக்கங்களைக் கிடைமட்டமாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிய பக்கத்தைக் கட்டும்போது அதன் மேல்விளிம்புதான் தையலுக்குள் போகும், அங்கே 1.5 அங்குலம் மேலே வர வேண்டும், இடப்பக்கம் அல்ல. குறிப்பில் "இடது" என்று மட்டுமே இருந்தது.

இப்போது யார் குறிப்பு அனுப்பினாலும் மூன்று பக்கங்கள் கேட்கிறேன்: சாதாரணமான ஒன்று, ஆங்கிலம் கலந்த ஒன்று, இருப்பதிலேயே அகலமான அட்டவணை ஒன்று. படமாக அல்ல, கோப்பாகவே வேண்டும். அதில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் ஒருங்குறி. மேலே காட்டியதுபோல ஆங்கில எழுத்துகளாக வந்தால் பழைய எழுத்துரு. பாமினி அல்லாத பழைய எழுத்துருக்கள் சிலவும் இப்படித்தான் தெரியும் என்பதால், எது என்று அனுப்பியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்று பக்கங்களைக் கேட்டதற்கே கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு, நான் தடுக்கவில்லை.