பத்திரம் 14 எம்பி, தளம் கேட்பது 2 எம்பி

கேள்வி: தொண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாட்டுப்படகுக் கடனுக்காக ஒருவர் 12 பக்கப் பழைய கிரயப் பத்திரம் கொண்டுவந்தார். ஸ்கேன் செய்தால் 14 எம்பி. தளத்தில் 2 எம்பிக்கு மேல் ஏறாது. இணையத்தில் கம்ப்ரஸ் செய்து பார்த்தேன், சர்வே எண்ணே படிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டிபிஐயைக் குறைக்காதீர்கள், கலரைக் குறையுங்கள்.

ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். கலரில் ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் வேண்டும், கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு பிட் போதும். 300ஐ 150 ஆக்கினால் புள்ளிகள் கால்வாசியாகும். ஆனால் எழுத்தும் போய்விடும். தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளிதான், 'க்' வெறும் 'க' ஆகிவிடும். அப்புறம் 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும்.

இணையத்தில் கம்ப்ரஸ் செய்தபோது நடந்தது என்னவென்றால், கலர் படத்தைச் சிறிதாக்கி ஜேபெக் முறையில் மறுபடியும் நசுக்கியிருப்பார்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்கும். போட்டோவுக்கு அது சரி, எழுத்தின் கூர்மையான ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். ஏற்கெனவே நசுங்கிய பிடிஎஃப்பை எத்தனை முறை சரிசெய்தாலும் போனது திரும்பாது, தாளிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். தவிர, வாடிக்கையாளரின் பத்திரத்தை யாரோ ஒருவரின் தளத்தில் ஏற்றுவதும் நல்லதில்லை.

உங்கள் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பக்கம் முத்திரைத்தாள், கடைசிப் பக்கத்தில் ஊதா சீலும் நீல மையில் கையெழுத்தும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டை மட்டும் கலரில் 200 டிபிஐயில் எடுங்கள், ஜேபெக் தரம் 60 அளவில் இருக்கட்டும். பக்கத்துக்கு 250 கேபி அளவில் வரும். நடுவிலுள்ள 10 பக்கங்களுக்கு ஸ்கேனரில் `Black and White` தேர்ந்தெடுத்து 300 டிபிஐ வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு CCITT G4 என்றொரு சுருக்கமுறை இருக்கிறது, அதில் ஒரு எழுத்துப் பக்கம் சாதாரணமாக 50 கேபிதான். ஆக மொத்தம் சுமார் 1 எம்பி.

ஆனால் கடலோரத்துப் பழைய தாளில் ஒரு சிக்கல். உப்புக்காற்றும் ஈரமும் பட்டுப் பழுத்த தாளில் தவிட்டுப் புள்ளிகள் இருக்கும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேனர் அதையெல்லாம் கறுப்பாக்கிவிடும். பார்க்க அசிங்கம் என்பதோடு, இந்தச் சுருக்கமுறையில் வெள்ளை கறுப்பாக மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் செலவு உண்டு என்பதால், 50 கேபி பக்கம் 200 கேபி ஆகிவிடும். `Brightness` அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கும்போது சுழிகள் அடைத்திருந்தால் இன்னும் ஏற்ற வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போயிருந்தால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளின் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். மை மங்கிய பக்கத்துக்கு இதெல்லாம் சரிப்படாது. அதை மட்டும் `Grayscale`, 200 டிபிஐயில் எடுத்து `gray.pdf` என்று தனியாகச் சேமியுங்கள்.

கலர்ப் பக்கங்கள் இரண்டையும் `color.pdf` என்றும், கறுப்பு வெள்ளைப் பக்கங்களை `bw.pdf` என்றும் சேமியுங்கள். இந்தக் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க, படத்தை மறுபடி நசுக்காத கருவி வேண்டும். qpdf இலவசம்:

```
qpdf --empty --pages color.pdf 1 bw.pdf 1-10 color.pdf 2 -- pathiram.pdf
```

நடுப் பக்கங்களில் நான்காவது மட்டும் `gray.pdf` என்றால், `bw.pdf 1-10` இருக்கும் இடத்தில் `bw.pdf 1-3 gray.pdf 1 bw.pdf 4-9` என்று கொடுங்கள்.

சில ஸ்கேனர் மென்பொருள்கள் கறுப்பு வெள்ளை என்று சொல்லிவிட்டு, உள்ளே ஜேபெக்காகவே சேமிக்கும். சந்தேகமிருந்தால் poppler என்ற இலவசத் தொகுப்பில் உள்ள இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
pdfimages -list pathiram.pdf
```

கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு `bpc` 1 என்றும் `enc` `ccitt` என்றும் வர வேண்டும். `jbig2` என்று வந்தால் கவனம். இழப்புள்ள ஜேபிக்2, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒன்றாக்கி ஒரே வடிவத்தைப் பல இடங்களில் ஒட்டிவிடும். ஸ்கேன் செய்த நகலில் 6 இருந்த இடத்தில் 8 வந்திருப்பதை 2013இல் ஜெர்மனியின் கணினித் துறை ஆய்வாளர் டேவிட் க்ரீசல் கண்டுபிடித்து வெளியிட்டார். மங்கலாக வந்தால் தெரிந்துவிடும், இது தெளிவாகவே தப்பாக இருக்கும். சர்வே எண்ணையும் பரப்பளவையும் மூலப் பத்திரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 2 எம்பியைத் தாண்டினால், கலர்ப் பக்கங்களை 150 டிபிஐக்கு இறக்குங்கள். சீலில் உள்ள எழுத்து படிக்க முடிந்தால் அது போதும். எழுத்துப் பக்கங்களின் 300ஐ மட்டும் தொடாதீர்கள்.