மொய் யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: காரைக்குடியில் போன மாதம் மகள் கல்யாணத்தை முடித்தேன். மொய் 4,20,000 ரூபாய் வந்தது, அதை என் வங்கிக் கணக்கில்தான் போட்டிருக்கிறேன். சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் என் கணக்குக்கே 1,50,000 அனுப்பினான். மச்சினர் சீர்த்தட்டில் மகளுக்கு 3 லட்சம் ரொக்கமாக வைத்தார். மாமியார் பேத்திக்கு 12 பவுன் பழைய நகை போட்டார். கல்யாணப் பணத்துக்கு வரி இல்லை என்கிறார்கள். நான் எதையாவது எழுதி வைக்க வேண்டுமா?

பதில்: கல்யாணப் பரிசுக்கு வரி இல்லை என்பது பாதிதான் சரி. அந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும். மகள் பேரில் வந்த பணத்தை யார் கொடுத்திருந்தாலும், எவ்வளவு என்றாலும் வரி கிடையாது. பெற்றோர் பேரில் வந்தால் அது சாதாரணப் பரிசுதான். அப்போது கொடுத்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று சட்டம் கேட்கும்.

இங்கேதான் நம் ஊர்க் கணக்கும் வருமான வரிக் கணக்கும் முட்டிக்கொள்கின்றன. உங்கள் உடன்பிறந்தவர்கள், மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், இவர்களின் கணவன் மனைவிமார் எல்லாம் உறவு. இரண்டு பக்கத்துப் பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் அப்படியே. பெரியப்பா இந்தப் பட்டியலில் இருக்கிறார், அவர் மகன் இல்லை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளி, சட்டத்துக்கு அந்நியர்.

அந்நியர்கள் எல்லோரும் தந்ததைக் கூட்டி, ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. ஆளுக்கு 500, 1,000 என்று எழுதிய மொய்யும் இந்தக் கூட்டலில் சேரும். உங்கள் மொய் நோட்டில் நெருங்கிய உறவினர் எழுதியது 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 2,60,000, அதோடு பெரியப்பா மகனின் 1,50,000, ஆக 4,10,000. இது உங்கள் பேரில் வந்த பரிசு என்று ஆனால், 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வரி 82,000 ரூபாய், செஸ் தனி.

ஆகவே முதலில் மொய் நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். மணமக்கள் பேர் போட்டு 'திருமண மொய்' என்று எழுதியிருந்தால், பணம் மகளுடையது. அதைத் தாமதிக்காமல் அவள் கணக்குக்கு மாற்றுங்கள். உங்கள் கணக்கிலேயே கிடந்தால், அல்லது சமையல்காரர் பாக்கிக்குச் செலவழித்துவிட்டால், 'மகளுக்கு வந்தது' என்ற வாதம் பலவீனமாகிவிடும். பெரியப்பா மகன் மகளுக்காகத்தான் அனுப்பினான் என்றால், தேதி, தொகை, பான் எண்ணோடு அவனிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். உங்களுக்குக் கைகொடுக்கத்தான் அனுப்பினான் என்றால் கணக்கில் காட்டிவிடுங்கள், நடக்காததை எழுதச் சொல்லவில்லை. மொய் நோட்டையும் ஒரு பத்திரிகையையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த செய்முறைக்குப் புரட்டிப் பார்க்கிற அதே நோட்டுதான் இங்கே உங்கள் முதல் ஆவணம்.

எனக்கு உறுத்துவது மச்சினரின் 3 லட்சம். வருமான வரி இல்லை, சிக்கல் ரொக்கத்தில். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. தாய்மாமன் என்றாலும் விலக்கு இல்லை, மூன்று நாளில் பிரித்து வாங்கினாலும் அதே கதைதான். அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்கள் மகளுக்கு, வாங்கிய தொகை அளவுக்கே விதிக்கலாம். தகுந்த காரணத்தைக் காட்டி அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் 'ஊர் வழக்கம்' என்பதை ஏற்பார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். மச்சினர் பணம் எடுத்த வங்கிப் பதிவையும் அவரது கடிதத்தையும் வாங்கிக்கொண்டு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. மாமன் அக்கா மகளுக்குக் கொடுத்தால் சட்டப்படி உறவு. நாளைக்கு அவள் திருப்பி மாமனுக்கு 3 லட்சம் செய்தால், அவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவள் உறவுப் பட்டியலில் இல்லை! மாமனுக்கு வரி வரும். அவர் பிள்ளை கல்யாணத்தில் அந்தப் பிள்ளை பேருக்கே செய்துவிட்டால் பிரச்சினை இல்லை.

பாட்டி போட்ட 12 பவுனுக்கு வரி இல்லை. ஆனால் மகள் என்றாவது விற்றால், அவளுக்கு அடக்க விலை பாட்டி வாங்கிய விலைதான். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய நகை என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். நகை வாரியாக எடை, ஏறத்தாழ எந்த ஆண்டில் வாங்கியது, பேத்திக்குக் கொடுத்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாமியாரிடம் கையெழுத்து வாங்குங்கள். சீர் சாமான் பட்டியல் எழுதியிருந்தால் அதன் நகலையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், உங்கள் அறுபதாம் கல்யாணம் வரும்போது ஞாபகம் இருக்கட்டும். பேரில் கல்யாணம் இருப்பதால் மட்டும் திருமணச் சலுகை கிடைத்துவிடாது. பிள்ளைகள் தருவதற்கு உறவு என்ற வகையில் வரி இல்லை, பங்காளிகள் தருவது 50,000 கணக்கில் சேரும்.